எலுமிச்சையில் மறைந்து சோப்பில் திரும்பி வரும் தேநீர்க் கறை

பதிவு 1 – நூலுருவி (ஞாயிறு, மாலை 6.40)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓரங்களில் நூல் உருவி வேலைப்பாடு செய்த வெள்ளைப் பருத்தி மேசைவிரிப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பத்து நாள்களுக்கு முன்பு தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காக அதை விரித்திருந்தோம். அன்று கெட்டில் சாய்ந்து, பால் கலந்த தேநீர் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டிவிட்டது. அதன் அருகிலேயே ஃபில்டர் காபி சிந்திய நான்கைந்து துளிகளும் உண்டு.

விருந்தினர் போன பிறகு, அதாவது இரண்டு மணி நேரம் கழித்து, வெந்நீரில் நனைத்து நீல நிறச் சலவைக்கட்டியைத் தேய்த்துக் கும்மினேன். காபித் துளிகள் ஏறக்குறையப் போய்விட்டன. தேநீர்க் கறையோ வெளிர்பழுப்பிலிருந்து அடர்பழுப்பாகிவிட்டது. மாடியில் கொடியில் உலர்த்தி எடுத்தபோது கறையின் நடுவே விரல் தடிமனில் ஒரு கருங்கோடும் விழுந்திருந்தது. மறுநாள் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து அரை மணி நேரம் விட்டேன், கறை கண்முன்னே வெளுத்தது. மகிழ்ச்சியோடு மறுபடியும் சோப்புப் போட்டு அலசினேன், பழுப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது. கருங்கோடு மட்டும் சற்று மங்கியிருக்கிறது. பிறகு இஸ்திரியும் போட்டுவிட்டேன், அது பிழையென்று இப்போது தோன்றுகிறது.

அத்துடன் அதே செட்டின் ஆறு பீங்கான் கோப்பைகளிலும் உட்புறம் பழுப்புப் படலம் ஏறியிருக்கிறது. விளிம்பில் தங்கக் கோடு உள்ள கோப்பைகள் அவை. இரண்டில் மெல்லிய சிலந்தி வலை போன்ற பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. இன்னொன்றைக் கம்பிநார் வைத்துத் தேய்த்ததில் சாம்பல் நிறக் கீறல்கள் விழுந்துவிட்டன. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான், கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறது. விரிப்பையும் கோப்பைகளையும் காப்பாற்ற வழியுண்டா?

பதிவு 2 – பரண்மேல் (ஞாயிறு, இரவு 7.15)

இதற்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை. சமையல் சோடாவும் வினிகரும் சம அளவில் கலந்து கறையின் மேல் ஊற்றினால் நுரை பொங்கும், அந்த நுரை கறையைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடும். கோப்பைகளை நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் துலக்குகிறேன். நுரை அடங்கியதும் விரலால் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். துணிக்கும் இதுவே போதும்.

பதிவு 3 – வடக்குவீதிக்காரர் (ஞாயிறு, இரவு 8.02)

சகோதரிக்கு வணக்கம். சாம்பார் கொட்டிய வேட்டியில் எனக்கும் இதே அனுபவம் உண்டு. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை செக்கச்செவேலென்று ஆகும், எலுமிச்சை விட்டால் மீண்டும் மஞ்சளாகும். எதையும் போட வேண்டாம். ஈரத்தோடு இரண்டு நாள் உச்சி வெயிலில் விரித்து வைத்தால் கறை தானாக மறைந்துவிடும்.

பதிவு 4 – நூலுருவி (ஞாயிறு, இரவு 8.20)

ஐயா, என்னுடையது மஞ்சள் கறை அன்று, தேநீர்க் கறை. இருந்தாலும் சோப்பில் ஒரு நிறமும் எலுமிச்சையில் ஒரு நிறமும் என்று நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறதே என்று வியக்கிறேன்.

பதிவு 5 – சலவைப்பட்டறை (ஞாயிறு, இரவு 10.35)

இருபத்திரண்டு ஆண்டுகள் ஈரோட்டுப் பக்கத்தில் துணி வெளுக்கும் பட்டறையில் இருந்தவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். வடக்குவீதி ஐயா வேறு கறையைப் பற்றிச் சொன்னாலும், இந்தக் கேள்வியின் முடிச்சு அவர் பதிலில்தான் இருக்கிறது.

எலுமிச்சை உங்கள் கறையை நீக்கவில்லை, அதன் நிறத்தைத்தான் மாற்றியது. கடுந்தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் அது பொன்னிறத்துக்கு வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கோப்பையில் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டால் கறுத்துவிடும். தேநீரின் நிறப்பொருள் புளிப்பில் வெளுக்கும், காரத்தில் கறுக்கும். நீங்கள் போட்ட சலவைக்கட்டியில் சோடாக் காரம் உண்டு. அதனால்தான் முதல் அலசலிலேயே பழுப்பு ஏறியது, எலுமிச்சைக்குப் பிறகு சோப்புப் போட்டதும் திரும்பி வந்தது. நிறப்பொருள் எங்கும் போகாமல் நூலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்குப் பால் கலந்த தேநீரை நேரடியாக வெந்நீரில் போட்டிருக்கிறீர்கள். பாலின் புரதம் சூட்டில் இறுகித் தேநீரின் துவர்ப்பொருளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீரைப் பின்புறத்திலிருந்து ஊற்றி அலசியிருந்தால் பாதி அப்போதே போயிருக்கும். ஆனால் அது நடந்து முடிந்த கதை.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தக் கருங்கோடு. மாடியில் கொடி கயிறா, கம்பியா? கம்பியென்றால் துருப்பிடித்ததா? துணி மடிந்து தொங்கிய இடத்தில்தான் கோடு விழுந்திருக்கிறதா? இதற்குப் பதில் சொன்ன பிறகுதான் அடுத்ததைச் சொல்ல முடியும். அதுவரை தயவுசெய்து எந்த வெளுப்பானையும் போட்டுவிட வேண்டாம்.

பரண்மேல் அவர்களுக்கு ஒன்று: சோடாவும் வினிகரும் கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புக் கரைசல்தான். நுரை என்பது கரியமில வாயு வெளியேறுவது மட்டுமே. உங்கள் கோப்பை பளபளப்பது கரையாமல் மிஞ்சிய சோடாத் துகளை விரலால் தேய்ப்பதால். வினிகரைச் சேர்க்காமல் ஈர விரலில் சோடாவைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், இன்னும் விரைவாகப் போகும்.

பதிவு 6 – பரண்மேல் (ஞாயிறு, இரவு 10.50)

பத்து ஆண்டுப் பழக்கத்தை ஒரே பத்தியில் கவிழ்த்துவிட்டீர்கள். நாளை காலை வினிகர் இல்லாமல் தேய்த்துப் பார்த்துவிட்டு வாதாட வருகிறேன்.

பதிவு 7 – நூலுருவி (திங்கள், காலை 7.10)

ஐயா, இப்போதுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கம்பிக் கொடிதான், முடிச்சுப் போட்ட இடத்திலிருந்து ஒரு முழம் வரை துரு ஏறியிருக்கிறது. விரிப்பை அந்தப் பக்கம்தான் போட்டிருந்தேன், கோடும் சரியாக மடிப்பில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். துருவென்றால் செம்மஞ்சளாகத்தானே இருக்க வேண்டும்? கறை இல்லாத இடத்திலும் அதே கம்பி பட்டிருக்கிறது, அங்கே மிக மெல்லிய மஞ்சள் கோடுதான் தெரிகிறது. கறைக்குள் மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது?

பதிவு 8 – சலவைப்பட்டறை (திங்கள், பிற்பகல் 1.25)

உங்கள் கண் கூர்மையானது. விடையும் அதிலேயே இருக்கிறது.

கலம்காரித் துணி எழுதுகிறவர்கள் முதலில் பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் முக்கி உலர்த்துவார்கள். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, அந்தக் கரைசலைத் தொட்டு அதன் மேல் கோடு இழுப்பார்கள். இழுக்கும்போது நீர்த்துத் தெரியும் கோடு சற்று நேரத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது, துவைத்தாலும் போகாது. உங்கள் விரிப்பில் கடுக்காய்க்குப் பதிலாகத் தேயிலை, எருமைப்பாலுக்குப் பதிலாக வீட்டுப் பால், வெல்ல இரும்புக் கரைசலுக்குப் பதிலாகத் துருப்பிடித்த கொடிக்கம்பி. அறியாமல் ஒரு கோடு கலம்காரி எழுதிவிட்டீர்கள். துவர்ப்பு இல்லாத இடத்தில் துரு வெறும் துருவாக மஞ்சளித்து நின்றுவிட்டது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேநீர்க் கறையை எடுக்க உயிர்வளி வெளுப்பான்தான் சரியான மருந்து. கடையில் ஆக்சிஜன் பிளீச் என்பார்கள், சோடியம் பெர்கார்பனேட் என்று உறையில் எழுதியிருக்கும். அதை வெந்நீரில் கரைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவும் பிரியும். ஆனால் இரும்பு இருக்கும் இடத்தில் பெராக்சைடு தன் வேலையை நிதானமாகச் செய்யாது. அந்த ஒரு புள்ளியில் மளமளவென்று சிதைந்து, கறையைவிட நூலைத்தான் அதிகம் தின்னும். பட்டறையில் இதை ஊசித்துளை என்போம். நெய்யும்போது எங்கோ ஒட்டிய ஒரு துளி இரும்புத்தூள் போதும், துணி வெளுத்து வரும்போது அந்த இடத்தில் குண்டூசி குத்தியது போல ஓட்டை விழுந்திருக்கும். உங்கள் கோடு விழுந்திருப்பது முப்பது வருட நூலில். ஆகவே முதலில் இரும்பை இறக்கிவிட்டு, அதன் பிறகே கறையை எடுக்க வேண்டும்.

பதிவு 9 – குழாயடி (திங்கள், மாலை 4.05)

ஏன் இத்தனை சுற்று? மளிகைக் கடையில் பிளீச்சிங் பவுடர் கிடைக்கிறது. ஒரு வாளி நீரில் இரண்டு கரண்டி போட்டு இரவு முழுவதும் ஊறவைத்தால் தேநீரின் பாட்டனும் போய்விடுவான். என் வெள்ளை வேட்டிகளுக்கு இதுதான் வழக்கம். வேட்டிகள் ஆண்டுக்கு ஒருமுறை நைந்துபோவது உண்மைதான், ஆனால் இப்போதைய துணியின் தரம் அப்படி.

பதிவு 10 – சலவைப்பட்டறை (திங்கள், இரவு 9.30)

ஐயா, உங்கள் வேட்டி நைவதற்குத் துணியின் தரத்தைக் குற்றம் சொல்வதற்கு முன், ஒரு வேட்டியை மட்டும் பவுடர் போடாமல் ஓராண்டு உடுத்திப் பாருங்கள். குளோரின் வெளுப்பான் தேநீர்க் கறையை எடுக்கும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அளவும் நேரமும் மிஞ்சினால் பருத்தியையும் அரித்துவிடும். இரவு முழுவதும் என்பது மிக அதிகம். மேலும் நீரிலோ துணியிலோ இரும்பு இருந்தால் குளோரின் அதைத் துருவாக்கித் துணியிலேயே படிய வைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பவுடர் போட்ட வெள்ளைத் துணிகள் பழுப்பேறுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சகோதரி ஏற்கெனவே எலுமிச்சை விட்டிருக்கிறார், இனியும் புளிப்பில் ஊறவைக்கப் போகிறார். புளிப்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது விளையாட்டன்று. வினிகர், எலுமிச்சை, கழிவறை அமிலம் எதனோடும் அதைச் சேர்க்கக் கூடாது.

பதிவு 11 – நூலுருவி (செவ்வாய், காலை 6.55)

பிளீச்சிங் பவுடரைத் தொடமாட்டேன். இரும்பை இறக்குவது எப்படி, அதன் பிறகு வெளுப்பது எப்படி என்று அளவோடு சொன்னால் வரும் சனிக்கிழமை முழுநாளும் இதற்கென்றே ஒதுக்கிவிடுவேன். எலுமிச்சைச் சாறு போதுமா?

பதிவு 12 – சலவைப்பட்டறை (செவ்வாய், இரவு 9.45)

சாறு போதும்தான், ஆனால் நிறைய வேண்டும், சாற்றிலுள்ள சர்க்கரையும் நாரும் துணியில் தங்கும். நாட்டு மருந்துக் கடையிலோ பெரிய மளிகையிலோ எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலத்தைத் தருவார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, கறையுள்ள பகுதியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் தட்டத்தில் முக்கி அரை மணி நேரம் விடுங்கள். பழுப்பு உடனே வெளுக்கும், அதை நம்பாதீர்கள், அது பழைய வித்தைதான். நீங்கள் பார்க்க வேண்டியது கருங்கோட்டையும், கறைக்கு வெளியே உள்ள மஞ்சள் கோட்டையும். அந்த மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் இரும்பு இறங்கியது என்று பொருள். போகாவிட்டால் புதிய கரைசலில் இன்னொரு அரை மணி. மூன்று முறைக்கு மேல் வேண்டாம். துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் அது நஞ்சு. மேசைவிரிப்புக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனமில்லை.

பிறகு நன்றாக அலச வேண்டும், நாலைந்து முறை. புளிப்பு தங்கிய பருத்தியை உலர்த்தி இஸ்திரி போட்டால் அந்த இடம் பின்னாளில் பொடிந்து கிழியும். கடைசி இரண்டு அலசலுக்குக் கேன் தண்ணீரையோ வடிகட்டிய நீரையோ பயன்படுத்துங்கள். கிணற்று நீரில் அலசினால் இறக்கிய இரும்பை மறுபடி ஏற்றியதாகிவிடலாம்.

அடுத்தது வெளுப்பு. கொதிநீர் ஒரு பங்கும் குழாயில் வரும் நீர் ஒரு பங்கும் கலந்தால் நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய 65 பாகை கிடைக்கும், அதுவே போதும். பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டருக்கு 5 மேசைக்கரண்டி பெர்கார்பனேட் போட்டு, முழுதும் கரைந்த பிறகு விரிப்பை முழுவதுமாக முக்குங்கள். கறையை மட்டும் முக்கினால் வெளுத்த இடம் வட்டமாகத் தனித்துத் தெரியும். கையுறை போடுங்கள். வாளியை இறுக மூடாதீர்கள், வாயு வந்துகொண்டே இருக்கும். முதலில் பழுப்பு கறுப்பது போலத் தோன்றும், அது காரத்தின் வேலை, பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மங்கத் தொடங்கும். ஆறு மணி நேரம் வரை விடலாம். நீர் ஆறிய பிறகு வேலை மிகவும் மெதுவாகத்தான் நடக்கும், ஆகவே மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கறை நிற்குமானால் அதே நீரில் காத்திருப்பதைவிடப் புதிதாக வெந்நீரில் கலப்பது மேல்.

ஒரே ஓர் எச்சரிக்கை. துணியெங்கும் மெல்லிய குமிழிகள் வருவது இயல்பு. கருங்கோடு இருந்த இடத்தில் மட்டும் வரிசையாகப் பொங்கினால் அங்கே இன்னும் இரும்பு இருக்கிறது. நொடியும் தாமதிக்காமல் எடுத்து அலசிவிட்டுப் புளிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பதிவு 13 – கண்ணாடித்தம்ளர் (புதன், காலை 5.20)

கடை திறக்கும் முன் எழுதுகிறேன். துணியைப் பற்றி எனக்குத் தெரியாது, தேநீர்க் கடை நடத்துகிறவன் என்ற முறையில் கோப்பைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கோப்பைகளை மறந்துவிட்டீர்கள்.

பால் இல்லாத கறுப்புத் தேநீரும் கிணற்று நீரும் சேரும் கோப்பையில்தான் படலம் வேகமாக ஏறுகிறது. நீரிலுள்ள சுண்ணாம்பும் தேநீரும் சேர்ந்து மேலே ஆடை போல மிதக்கும், அதுதான் சுவரில் ஒட்டும். ஆற்று நீர் வந்த காலத்தில் எங்கள் கடையில் வாரம் ஒருமுறை துலக்கினால் போதும், கிணற்று நீருக்கு மாறிய பிறகு தினமும் வேண்டியிருக்கிறது. நாங்கள் புளிக்கரைசலில் அரை மணி ஊறவைத்துவிட்டுப் பிறகு சோடா உப்பு வைத்துத் தேய்ப்போம். இரண்டையும் சேர்த்து அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக. எங்கள் கடைப் பெரியவர் தம் கையாலேயே அப்படித்தான் செய்வார். புளியில் உள்ள எண்ணெய்ப் பசை பளபளப்பைத் தருகிறது என்பது என் எண்ணம்.

கம்பிநாரைத் தொடவே கூடாது. ஒருமுறை வழவழப்புப் போய்விட்டால் அந்தக் கோப்பை அதன் பிறகு மூன்று நாளில் கறையேறும்.

பதிவு 14 – சலவைப்பட்டறை (புதன், இரவு 10.10)

புளியில் எண்ணெய்ப் பசை ஏதும் பெரிதாக இல்லை ஐயா. அதன் புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்துப் படலத்தைத் தளர்த்துகிறது, பிறகு சோடா தளர்ந்ததைத் துடைத்து எடுக்கிறது. காரணம் தவறினாலும் வரிசை மிகச் சரி, நானே இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

நூலுருவி அவர்களுக்கு: சாம்பல் நிறக் கீறல்கள் பெரும்பாலும் கீறல்களே அல்ல. கம்பிநாரின் உலோகம் பீங்கானின் கடினமான பூச்சின் மேல் உரசி, தாளில் பென்சில் எழுதுவது போலப் படிந்திருக்கும். நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் அது படிந்த உலோகம், எலுமிச்சை உப்பைக் குழைத்துப் பூசிப் பொறுமையாகத் தேய்த்தால் குறையும். நகம் தடுக்கினால் பூச்சு உண்மையாகவே கீறப்பட்டிருக்கிறது, அதற்கு மருந்தில்லை.

சிலந்தி வலை விழுந்த இரண்டு கோப்பைகளின் கறை மேலே இல்லை. பூச்சில் விழுந்த மயிரிழை வெடிப்புகளின் வழியே தேநீர் உள்ளே இறங்கியிருக்கிறது. எத்தனை தேய்த்தாலும் எட்டாது. ஒரு தேக்கரண்டி பெர்கார்பனேட்டைக் கோப்பையில் போட்டு, தங்கக் கோட்டுக்கு ஒரு விரல் கீழ் வரை வெந்நீர் ஊற்றி இரவு முழுவதும் விடுங்கள். மற்ற நான்குக்கும் இதே அளவில் ஒரு மணி நேரம் போதும். தங்கக் கோட்டின் மேல் எதை வைத்தும் தேய்க்காதீர்கள், அது பூச்சின் மேல் நிற்கும் மிக மெல்லிய படலம்.

பதிவு 15 – பரண்மேல் (வியாழன், காலை 8.40)

வாதாட வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். இடது கைக் கோப்பைக்குச் சோடாவும் வினிகரும், வலது கைக் கோப்பைக்கு வெறும் சோடா. வலதுதான் முதலில் வெளுத்தது. ஆனால் கெட்டிலின் அடிப்பொருக்குக்கு வினிகர் தனியாக நன்றாக வேலை செய்கிறது, அதைக் கைவிட மாட்டேன்.

பதிவு 16 – நூலுருவி (ஞாயிறு, மாலை 5.30)

நேற்று முழுநாளும் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எலுமிச்சை உப்பில் முதல் அரை மணியில் பழுப்பு காணாமல் போனது, நம்பவில்லை. கருங்கோடு சாம்பல் நிறமானது, மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. இரண்டாவது முறையில் மஞ்சள் கோடு தேடினால்தான் தெரிந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. ஐந்து முறை அலசினேன், கடைசி இரண்டு கேன் தண்ணீரில்.

பெர்கார்பனேட் கரைசலில் இட்டதும் மறைந்திருந்த கறை முழுவதும் அடர்பழுப்பாக எழுந்து வந்தது. முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அம்மா பக்கத்தில் நின்று எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இருபது நிமிடத்தில் கோடு இருந்த இடத்தின் ஒரு முனையில், மிளகளவுக்கு, குமிழிகள் கொத்தாக எழும்புவதைப் பார்த்தேன். உடனே வெளியே எடுத்து அலசி, அந்த முனைக்கு மட்டும் நான்காவது முறையாக எலுமிச்சை உப்பைக் குழைத்துப் பூசினேன். மூன்று முறைக்கு மேல் வேண்டாமென்று ஐயா சொல்லியிருந்தார், வேறு வழி தெரியவில்லை. மறுபடி நன்றாக அலசி, புதிய கரைசலில் முக்கியபோது அங்கே பொங்கவில்லை. மூன்று மணி நேரத்தில் தேநீர் வெளிர்மஞ்சளாகி, மாற்றிய வெந்நீரில் மேலும் இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிட்டது.

இன்று காலை உலர்ந்த பிறகு பார்த்தால், கறையிருந்த இடம் மற்ற இடங்களைப் போலவே இருக்கிறது. பொங்கிய அந்த முனையில் மட்டும் நாலைந்து சாம்பல் புள்ளிகள் நிற்கின்றன, அந்த இடத்தில் நூலும் சற்று மெலிந்திருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. அம்மா அதன் மேல் ஒரு வெள்ளைப் பூ தைத்துவிடலாம் என்கிறார்.

கோப்பைகளில் நான்கு புதிது போல ஆகிவிட்டன. சாம்பல் கீறல்களில் நகம் தடுக்காதவை போய்விட்டன, இரண்டு நின்றுவிட்டன. வலை விழுந்த இரண்டும் இரவு ஊறி எழுந்தபோது வெண்மையாக இருந்தன. ஆனால் கவிழ்த்து உலர்த்திய பிறகு கோடுகள் மெல்லிய பழுப்பாகத் திரும்பிவிட்டன. இதுவும் நிறம் மாறும் வித்தைதானா?

பதிவு 17 – சலவைப்பட்டறை (ஞாயிறு, இரவு 9.50)

அந்த முனையை உடனே எடுத்தது மிகவும் நல்லது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் பூத் தைக்க இடமில்லாமல் ஓட்டை விழுந்திருக்கும். நான்காவது முறையைக் குறை சொல்ல மாட்டேன், உங்கள் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன். மீதமுள்ள புள்ளிகளை இனித் தொடாதீர்கள், நூல் தாங்காது.

கோப்பையில் நடப்பது வேறு. வெடிப்புக்குள் கரைந்த கறை, உள்ளேயுள்ள ஈரம் உலரும்போது அதனோடு சேர்ந்து மேலே ஏறி வெடிப்பின் வாயில் தங்குகிறது. அடுத்த முறை ஊறவைத்து முடித்ததும், கொதிக்காத சூட்டில் வெறும் நீரை நாலைந்து முறை மாற்றி மாற்றி ஊற்றி ஊறவைத்துவிட்டு உலர்த்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் குறையும். முழுதாகப் போகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்த இரண்டில் மறுபடி தேநீர் குடித்தால் மறுபடி இறங்கும்.

பதிவு 18 – வடக்குவீதிக்காரர் (ஞாயிறு, இரவு 10.20)

நான் கேள்வியைத் தவறாகப் படித்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெயிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எங்கள் தெருவுக்கு வந்த சலவைத் தொழிலாளி உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்து ஆற்று மணலில்தான் காயப்போடுவார். எந்த வெளுப்பானும் இல்லாமல் கல்யாண வீட்டு விரிப்புகள் அத்தனையும் வெளுத்து வரும். ஈரத்தோடு வெயிலில் போட்டிருந்தால் அந்தச் சாம்பல் புள்ளிகளும் போயிருக்கும் என்றே நம்புகிறேன்.

பதிவு 19 – சலவைப்பட்டறை (திங்கள், காலை 6.15)

ஈரத்துணியில் விழும் வெயில் வெளுக்கும், அதை மறுக்கவில்லை. மஞ்சளுக்கு அது கைகண்ட மருந்து. தேநீரின் மிச்சசொச்சமும் சில நாள்களில் மங்கலாம். ஆனால் சாம்பல் புள்ளியில் இருப்பது இரும்பு, வெயிலுக்கு அது அசையாது. வெள்ளாவியில் தேநீர்க் கறை எப்படிப் போனது என்றால், அந்தக் காலத்து வீடுகளில் வெள்ளை விரிப்பின் மேல் எத்தனை பேர் தேநீர் கொட்டினார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பதிவு 20 – வடக்குவீதிக்காரர் (திங்கள், காலை 7.05)

எங்கள் வீட்டில் காபி கொட்டினார்கள் ஐயா, நன்றாகவே கொட்டினார்கள். வெளுத்துத்தான் வந்தது.

பதிவு 21 – சலவைப்பட்டறை (திங்கள், இரவு 9.00)

காபி தேநீரைவிட எளிதில் நீரில் இறங்கும். நூலுருவி அவர்களின் விரிப்பிலேயே காபித் துளிகள் முதல் அலசலில் ஏறக்குறையப் போய்விட்டதைப் பாருங்கள். ஒரு பழைய பருத்தித் துண்டைக் கிழித்து, இரண்டிலும் பால் தேநீரைக் கொட்டி உலரவிட்டு, ஒன்றை நீங்கள் வெயிலிலும் மற்றதை நான் வாளியிலும் வைத்துப் பார்ப்போம். துண்டை மட்டும் கம்பியில் போடாதீர்கள்.

பதிவு 22 – நூலுருவி (திங்கள், இரவு 9.25)

கம்பியை இன்று காலையே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டியாயிற்று. துண்டுச் சோதனை முடிந்ததும் இங்கேயே பதிவிடுங்கள். பூவுக்கு அம்மா வெள்ளை நூலில் இரண்டு நிறம் எடுத்து வைத்திருக்கிறார், விரிப்பு வெளுத்துவிட்டதால் பழைய நூல்கண்டு இப்போது பொருந்தவில்லை.